நடித்துப் பழகாதவர்களை வைத்து ஒரு காட்சி: கேமரா ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒத்திகை

டெல்டாவில் குறும்படம் எடுக்க வருகிற குழுக்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகின்றன. ஊரில் முகம் நன்றாக இருக்கிற ஒரு பெரியவரைப் பிடிப்பார்கள். கையில் வசனத் தாளைக் கொடுப்பார்கள். அவர் இரண்டு நாள் மனப்பாடம் செய்வார். ஒத்திகையில் பத்து முறை சொல்லச் சொல்வார்கள். படப்பிடிப்பு அன்று அவர் வாயில் ஒரு வரி கூடத் தப்பாது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது இருந்த மனிதர் காணாமல் போயிருப்பார். அவருக்கு நடிப்பு வராது என்று குழு முடிவுகட்டும். அவரிடம் குறை இல்லை, ஒத்திகை நடந்த விதம்தான் தவறு.

தொழில்முறை நடிகருக்கு ஒரே உணர்ச்சியைப் பத்து முறை புதிதாகக் கொண்டுவரப் பயிற்சி உண்டு. நடித்துப் பழகாதவருக்கு அது கிடையாது. முதல் இரண்டு மூன்று முறை உயிரோடு வரும், அப்புறம் தான் ஏற்கெனவே செய்ததையே நினைவிலிருந்து எடுத்துச் செய்ய ஆரம்பிப்பார். ஆகவே காட்சியைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்க வேண்டும், காட்சியின் நடுப்புள்ளியை மட்டும் தொடக்கூடாது. ஆட்களைவிட அதிகமாக ஒத்திகை பார்க்க வேண்டியது நம் கேமராக் குழுவை.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் ப்ரெஸ்ஸான் நடிகரல்லாதவர்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, பாவனை முழுவதும் தேய்ந்துபோகும்வரை கொண்டுபோனார். பிரிட்டனின் கென் லோச் கதை வரிசைப்படியே படமெடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்பதை நடிப்பவர்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டார். முதல் வழிக்கு நிறைய டேக்குகளும் பொறுமையும் வேண்டும். கைக்காசு போட்டுப் படமெடுப்பவர்களுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும். இந்த வழிகாட்டி அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

நாம் எடுக்கப்போகும் காட்சி

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்விடலாம்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஐப்பசி மாதம், குறுவை அறுவடை முடிந்த நேரம், மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அப்பா டிபிசி என்று ஊரில் சொல்கிற அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் எடுக்கவில்லை. ஊர்ச் சாலையில் நெல்லைக் கொட்டிக் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருக்கிறார். மகன் வருகிறான். இன்றைக்கும் டிபிசியில் எடை போடமாட்டார்களாம் என்கிறான். பேச்சோடு பேச்சாக, தீபாவளி முடிந்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறான். அப்பா பதில் சொல்வதில்லை. கிளறுவதை நிறுத்துகிறாரா, நிறுத்தாமல் தொடர்கிறாரா என்பதில்தான் காட்சியே இருக்கிறது.

எழுத்தில் ஒன்றரைப் பக்கம், திரையில் இரண்டு நிமிடம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

வசனம் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். அப்பா வேடத்துக்கு மனதில் இருக்கிறவர் எங்கே வேலை செய்கிறாரோ அங்கே போய் உட்காருங்கள். போனில் வீடியோ போட்டு வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, அவரிடம் ஏதாவது நடந்த கதையைக் கேளுங்கள். போன வருஷம் மழையில் எத்தனை மூட்டை முளைத்துப்போனது, மோட்டார் எப்போது எரிந்தது, இப்படி. பேச்சு சுவையாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். போன் இருப்பது தெரிந்த பிறகும் அவர் கை வேலையைத் தொடர்கிறதா? நடுவில் இன்னொருவர் ஏதாவது கேட்டால் அவரைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, இல்லை நமக்காகவே பேசிக்கொண்டிருக்கிறாரா? கேட்கத் தெரிந்தவர்தான் வேண்டும். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் பல சமயம் தன் குரலைத் தானே ரசிக்கிறவராக இருந்து நம்மைக் கவிழ்த்துவிடுவார்.

கோயில் திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர் ஒருவரை ஊரே நமக்குச் சிபாரிசு செய்யும். மரியாதையாக வேறு ஏதாவது பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரலை இரண்டு வாரத்தில் இறக்க முடியாது.

மகனாக யாரைப் போடுவது? சொந்த மகனையே போடலாம் என்று தோன்றும். நான் தயங்குவேன். வீட்டில் உண்மையாகவே அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், நாம் கேமராவோடு ஒரு குடும்பச் சண்டைக்குள் நுழைந்தவர்களாகிவிடுவோம். சித்தப்பாவும் அண்ணன் மகனும் என்றால் பொருத்தமாக இருக்கும். எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது கண்ணைப் பார்ப்பது, யார் முதலில் பேசுவது எல்லாம் அவர்கள் உடம்பிலேயே இருக்கும். சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம் அது.

காசு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒத்திகை நாளுக்கும் கூலி உண்டு என்று சொல்லிக் கொடுங்கள். அன்றைக்கு அவர் இழக்கிற வேலைக்கு ஈடாகவாவது அது இருக்க வேண்டும். படம் எங்கே காட்டப்படும், யூடியூபில் வருமா என்பதையும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நடவு, அறுவடை வாரங்களில் ஒத்திகை வைக்காதீர்கள். ஆள் வருவார், மனம் வயலில் இருக்கும். ஒத்திகைக்கு இடம் பார்க்கும்போதும் ஊரில் எல்லாரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமா என்று பாருங்கள். சில ஊர்களில் கோயில் மண்டபம் அப்படிப்பட்ட இடமாக இருக்காது. வேலை நடக்கிற இடத்திலேயே வைத்துவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

முதல் ஒத்திகை: வேலை மட்டும்

ஒவ்வொரு ஒத்திகையும் முக்கால் மணி நேரம் போதும். காலை ஏழு மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதல் நாள் பேச்சே கிடையாது. நெல்லைக் கொட்டிப் பரப்பி அவர் கிளறட்டும். பத்துச் சிப்பம், அதாவது 400 கிலோ நெல்லை இரண்டு அங்குல கனத்தில் பரப்பினால் ஏறக்குறைய பத்தடிக்குப் பதினைந்தடி வரும். ஒரு ஃபிரேமுக்கு அது தாராளம். வாகனம் அதிகம் வராத ஊர்ச் சாலையாகப் பாருங்கள், இரண்டு முனையிலும் ஆள் நிறுத்துங்கள். நெல் யாருடையதோ அவருக்கு நஷ்டம் வராதபடி முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அவர் கிளறும்போது பக்கத்தில் ட்ரைபாட் நிற்கட்டும், அதன்மேல் கேமராவும் இருக்கட்டும். பூம் கம்போடு ஒருவர் நிற்கட்டும். அப்பா, மகன் இருவர் சட்டைக்குள்ளும் மைக்கை மாட்டிவிடுங்கள். எதையும் பதிவு செய்ய வேண்டாம். முதல் பத்து நிமிடம் அவர் முதுகு விறைப்பாக இருக்கும், பார்வை அடிக்கடி நம் பக்கம் வந்து போகும். அரைமணி நேரத்தில் கால் தன் வேகத்துக்கு வந்துவிடும். அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எவ்வளவு நேரம், திரும்பும் இடத்தில் என்ன செய்கிறார், இடுப்பில் கை வைக்கிறாரா, குனிந்து நாலு மணியைக் கடித்துப் பார்க்கிறாரா. காட்சியின் நடையை இதிலிருந்துதான் அமைக்கப் போகிறோம். ஸ்கிரிப்டில் நீங்கள் எழுதியிருந்த துண்டால் முகம் துடைத்தல், வானத்தைப் பார்த்தல் எல்லாவற்றையும் இப்போதே அடித்துவிடலாம்.

கேமராவைப் பார்க்காதீர்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால் அவருக்கு அதே நினைப்பாகிவிடும். பார்ப்பதற்கு வேறு ஒன்றைக் கொடுங்கள்: அந்த ஓரத்தில் கல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கிளறுங்கள் என்றால் போதும்.

இரண்டாவது ஒத்திகை: படத்தில் இல்லாத காட்சிகள்

எனக்குப் பிடித்த பகுதி இது. பெரும்பாலான குழுக்கள் தாண்டிப் போகிற பகுதியும் இதுதான்.

அப்பாவுக்கும் மகனுக்கும் படத்தில் வராத சம்பவங்களை நடத்த விடுங்கள். நேற்று டிபிசியில் நெல்லைத் திருப்பி அனுப்பியபோது இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள்? டிராக்டர் வாடகையை யார் கொடுத்தது? இரவு மழை தூறியபோது படுதாவை இழுத்து மூட யார் முதலில் எழுந்தது? வசனம் கிடையாது, ஆளுக்கு ஒரு தேவை மட்டும் கொடுங்கள், அதையும் தனித்தனியாகக் காதில். அப்பாவிடம், "டிராக்டர் வாடகையை இன்னிக்கே அவன் கையால கொடுக்க வையுங்க" என்று சொல்லுங்கள். மகனிடம், "உன்கிட்ட காசு இருக்கு, ஆனா திருப்பூர் பஸ்ஸுக்கு வச்சிருக்கே, கொடுக்காதே, காரணத்தையும் சொல்லாதே" என்று சொல்லுங்கள். அப்புறம் ஒதுங்கி நில்லுங்கள்.

ஐந்து நிமிடத்தில் ஒரு சண்டை வரும். அதில் அவர்களுடைய சொற்கள் வரும். போனில் ஒலியை மட்டும் பதிவுசெய்து, இரவு கேட்டு, வசனத்தைத் திருத்துங்கள். ஸ்கிரிப்டில், "அப்பா, நான் திருப்பூருக்கு வேலைக்குப் போகலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்று எழுதியிருப்போம். அப்பாவுக்குத் தெரியாமல் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டால் அவன் வாயில் இயல்பாக வருவது, "தீபாவளிக்கு மேல நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்பதாக இருக்கலாம். இரண்டாவதில் ஊர் பேர் கூட இல்லை, அதனாலேயே கனமாக இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. காட்சியில் மகன் வந்து நிற்கும்போது அவனைப் பற்றி அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு சின்ன மனத்தாங்கல் இருக்கும். நேற்று காசு கொடுக்கவில்லையே என்பது. நடிப்பவருக்குக் கதாபாத்திரத்தின் பின்னணியை விளக்கிச் சொல்வதால் இது வராது. நடந்தது நினைவில் இருந்தால்தான் வரும்.

மூன்றாவது ஒத்திகை: எலும்புக்கூடு

இப்போதுதான் உண்மையான காட்சிக்கு வருகிறோம், அதுவும் பாதி வரைக்கும். மகன் எங்கிருந்து வருகிறான், சைக்கிளை எங்கே நிறுத்துகிறான், அப்பா அப்போது நெல்லின் எந்த முனையில் இருக்கிறார். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் அவர்கள் கண் தரையிலேயே நிற்கும். சாக்குக் கட்டு, படுதாவின் மடிப்பு, ஓரத்துக் கல் இவையே அடையாளம். சாக்குக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்புங்கள் என்றால் அவர் அதை மறக்கமாட்டார், ஏனென்றால் நிஜமாகவே அங்கேதான் திரும்புவார்.

பேச்சில் கட்டாயமாக வர வேண்டியவை இரண்டு மூன்று வரிகள்தான். நம் காட்சியில் அவை: இன்றைக்கு எடை கிடையாது என்ற செய்தி, நெல் இன்னும் எத்தனை நாள் காய வேண்டும் என்று அப்பா சொல்வது, கடைசியில் தீபாவளி வரி. மற்றதெல்லாம் அவர்கள் பாடு. தீபாவளி வரிக்கு முன்னால் ஒத்திகையை நிறுத்திவிடுங்கள். அந்த வரி மகனுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா வேடம் போடுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: "அன்னிக்கு உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தம்பி சொல்வான். கதைதான், நிஜமில்லை. என்ன தோணுதோ அப்படியே இருங்க, பேசணும்னு இல்லை." இதைச் சொல்லாமல் திடுக்கிட வைப்பது நியாயமில்லை. அவருடைய சொந்த வாழ்க்கையில் வலிக்கிற இடத்தைத் தொடுகிற ரகசியமாகவும் அது இருக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். "சோகமா இருங்க", "கோபத்தைக் காட்டுங்க" என்று சொன்னால் முகத்தில் ஊமைக்கூத்து வரும். செய்யக்கூடிய ஒரு காரியமாக மாற்றிச் சொல்லுங்கள். "அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த மூலையைக் கிளறி முடிச்சிடணும்" என்றால் அவசரமும் எரிச்சலும் தானாக வரும். நீங்கள் பேசிக் காட்டவே கூடாது. உங்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்வார்கள், சென்னைப் பேச்சு உட்பட. பாராட்டும்போதும் கவனம்: "அந்தப் பெருமூச்சு பிரமாதம் பெரியப்பா" என்று சொன்னீர்களானால் அடுத்த எல்லா டேக்கிலும் பெருமூச்சு வரும். "நல்லா போச்சு, இன்னொரு தடவை பார்ப்போம்" என்பதோடு நிறுத்துங்கள். எடுத்ததைப் போட்டுக் காட்டவும் வேண்டாம். தன் முகத்தைப் பார்த்த மறுநிமிடமே சட்டையையும் தலைமுடியையும் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்.

கெட்டுப்போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒத்திகையில் கண்ணைவிடக் காதை நம்புங்கள். ஒருவர் முடித்ததும் ஒரு நொடி இடைவெளி விட்டு அடுத்தவர் ஆரம்பித்தால் அது பட்டிமன்றம். இருவரும் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. மருந்து எளிது. மகனை ஓரமாகக் கூப்பிட்டு, "சித்தப்பா ஈரத்தைப் பத்தி ஆரம்பிச்சதும் குறுக்கே பேசு" என்று சொல்லி அனுப்புங்கள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஒரே முறையில் கட்டு அவிழ்ந்துவிடும்.

அடுத்த அறிகுறி, பேசுவதற்கு முன் கருவிழி மேலே போவது. வரியைத் தேடுகிறார் என்று அர்த்தம். அந்த வரியை எடுத்துவிடுங்கள், விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. எல்லாம் வழுவழுப்பாகப் போகும், இரண்டாவது முறையும் அதே இடத்தில் அதே ஏற்ற இறக்கம். குழுவில் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு உடனே ஒத்திகையை நிறுத்தி டீக்கடைக்குப் போய்விடுங்கள். அந்தக் காட்சியில் இனி தொட மிச்சமில்லை.

வேடிக்கை பார்க்கிற கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அந்நியர்கள் இருபது பேர் நிற்பதைவிடச் சொந்தக்கார அத்தாச்சி ஒருவர் வாயைப் பொத்திச் சிரிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். படப்பிடிப்பு அன்று குடும்பத்தாரைக் கண்ணில் படாத இடத்தில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டுக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள்.

படப்பிடிப்புக் காலை: குழுவின் ஒத்திகை

அப்பாவையும் மகனையும் வரச்சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் குழு இடத்தில் இருக்க வேண்டும். உதவி இயக்குநர் ஒருவர் நெல்லைக் கிளறட்டும், இன்னொருவர் சைக்கிளில் வரட்டும். ஃபோகஸ், வெளிச்சம், பூம் நிழல் எல்லாம் இவர்கள்மீது சரிபார்த்து முடித்துவிட வேண்டும். முதல் டேக் ஃபோகஸ் போய்விட்டது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் முதல் டேக்தான் சரக்கு.

ஷாட் வரிசையையும் மாற்ற வேண்டும். வழக்கமாக வைட் ஷாட்டில் காட்சியை முழுதாக எடுத்துவிட்டு அப்புறம் க்ளோஸ்-அப்புக்குப் போவோம். இங்கே முதலில் அப்பாவின் முகம். தீபாவளி வரியை அவர் முதன்முறை கேட்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். அது வைட் ஷாட்டில் தூரத்தில் நடந்து முடிந்துவிட்டால் திரும்ப வராது. மகன் கேமராவுக்கு ஒட்டினாற்போல் நின்று பேச வேண்டும், அப்பாவின் பார்வை அவன்மேல் விழும்படி. அடுத்து மகனின் க்ளோஸ்-அப். வைட் கடைசியில். நெல் கிளறுவதும் சைக்கிள் வருவதும் எத்தனை முறையானாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதை எடுக்க அவசரமில்லை. ஒளிப்பதிவாளர் முணுமுணுப்பார், வெயில் மாறுகிறது என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஐப்பசியில் மேகம் போட்டிருக்கும் காலையாகப் பார்த்து வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் பாதி குறையும். இரண்டு கேமரா இருந்தால் அப்பா முகத்தையும் வைடையும் சேர்த்தே எடுக்கலாம், ஆனால் இரண்டாவது கேமரா தள்ளி நிற்கட்டும்.

கன்டினியுட்டியில் ஒரு விட்டுக்கொடுத்தல் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு டேக்கிலும் சொற்கள் மாறும், கை வேறு இடத்தில் இருக்கும். எடிட்டருக்கு வெட்டிச் சேர்க்க ஏதாவது வேண்டும்: கால்கள் நெல்லில் இழுபடுவது, சாக்கு, சைக்கிள் சக்கரம், ஓரத்தில் கொத்த வருகிற காக்கை. இவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

க்ளாப்பை முகத்துக்கு முன்னால் அடிக்காதீர்கள், டேக் முடிந்த பிறகு அடித்தால் போதும். ஆக்‌ஷன் என்று கத்துவதையும் விடுங்கள். அவர் கிளறத் தொடங்கட்டும், கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு சுற்று வந்ததும், ஒலிப்பதிவாளர் தலையசைத்ததும், மகனுக்கு மட்டும் கையைக் காட்டுங்கள். காட்சி முடிந்த பிறகும் கட் சொல்ல அவசரப்படாதீர்கள். தீபாவளி வரிக்குப் பிறகு முப்பது வினாடி ஓடட்டும். முடிந்துவிட்டதா என்று அவர் யோசிக்கிற அந்த இடைவெளியில் நாம் எழுதாத ஒன்று கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம்.

அப்பாவின் முகத்துக்கு மூன்று டேக்குகளுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது டேக்குக்கு வரியை மாற்ற மகனிடம் சொல்லலாம்: தீபாவளி என்பதற்குப் பதில், "அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்று வேறு பக்கத்திலிருந்து வரட்டும். அதுவும் அப்பாவுக்குப் புதிதாக இருக்கும். மூன்றாவதும் சரியாக வராவிட்டால் மகனின் பக்கத்தை எடுத்துக்கொண்டிருங்கள், கேமரா தன்மேல் இல்லை என்று தெரிந்தால் அப்பா இளகிவிடுவார். அப்போது அவருடைய மைக்கில் வருகிற பேச்சையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள். எடிட்டில் அந்த ஒலியை அவருடைய முதுகு தெரிகிற வைட் ஷாட்டின்மேல் வைத்துவிடலாம்.